தரிசு, மூடாக்கு, ஊடுபயிர்: குடியாத்தம் பக்கத்துக் கொல்லை ஒன்றுக்கு

கேள்வி: அப்பா காலமான பிறகு குடியாத்தம் பக்கத்தில் இரண்டு ஏக்கர் மானாவாரிக் கொல்லை என் பேருக்கு வந்திருக்கிறது. ஆறு வருடமாக யாரும் உழவில்லை. சித்தப்பா “தரிசாப் போயிடுச்சு” என்கிறார். யூடியூபில் பார்த்தால் “மூடாக்கு போடுங்க” என்கிறார்கள். பக்கத்துக் கொல்லைக்காரர் “மல்லாட்டை போட்டு துவரையை ஊடுபயிரா விடு” என்கிறார், மல்லாட்டை என்று எங்கள் பக்கம் சொல்வது நிலக்கடலையை. நான் சென்னையில் வேலை பார்க்கிறேன், மாதம் இரண்டு முறைதான் வர முடியும். இந்த மூன்று சொல்லுக்கும் உண்மையில் என்ன அர்த்தம், எதை முதலில் செய்வது?

பதில்:

சித்தப்பா சொன்ன சொல்லிலிருந்து தொடங்குகிறேன். மற்ற இரண்டையும் எப்போது செய்யலாம், எங்கே செய்யலாம் என்பது அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. எனக்குக் கே.வி.குப்பம் பக்கம் ஒன்றரை ஏக்கர் கொல்லை இருக்கிறது. உங்களைப் போலவே வெளியூரில் இருந்துகொண்டு அதைக் கொஞ்ச காலம் பார்த்தவன் நான், அதனால் எங்கே தடுக்கும் என்று தெரியும்.

தரிசு என்றால் இந்தப் போகத்தில் பயிர் இல்லாத நிலம், அவ்வளவுதான். ஆனால் யார் வாயிலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்துப் பொருள் மாறும். சித்தப்பா சொல்வது கரம்பு என்று ஊரில் சொல்வார்களே, அதை. உழவு நின்று, முள்ளும் புல்லும் ஏறி, மண் இறுகிப் போன நிலம். தஞ்சாவூர்க்காரர் ஒருவர் “தரிசில் உளுந்து போட்டேன்” என்றால் அது வேறு. அங்கே நெல் அறுப்பதற்குச் சில நாள் முன்பே, ஈரம் காய்வதற்குள் அந்தக் கழனியில் தூவும் உளுந்து அது. நெல் தரிசு என்பது சில மாதக் காலியிடம்தான், கைவிட்ட நிலம் இல்லை. யூடியூபில் தரிசைப் பற்றிப் பேசுகிறவர் எந்தத் தரிசைச் சொல்கிறார் என்று கவனித்துக் கேளுங்கள். நஞ்சைத் தரிசுக்குச் சொன்னதை நம் புஞ்சையில் செய்தால் விதைதான் வீண்.

கிராம நிர்வாக அலுவலரிடம் போனால் அதே சொல் இன்னொரு பொருளில் வரும். அரசின் நிலக் கணக்கில் ஒரு வருடம் பயிர் வைக்காதது நடப்புத் தரிசு. ஒன்றுக்கு மேல் ஐந்து வருடம் வரை விட்டது இதர தரிசு. ஐந்து வருடத்தையும் தாண்டியது சாகுபடிக்கு ஏற்ற தரிசு. உங்கள் கொல்லை ஆறு வருடம் என்பதால் கடைசி வகையில் வரும். இதனால் பட்டா நிலம் கைவிட்டுப் போய்விடாது, பயப்பட வேண்டாம். ஆனால் “தீர்வை ஏற்பட்ட தரிசு” என்று எழுதியிருந்தால் அது அரசு நிலம். அப்பா காலத்தில் பட்டாவை ஒட்டிய அப்படிப்பட்ட துண்டையும் சேர்த்து உழுது வந்திருக்கலாம், நம் பக்கம் இது சகஜம். பணம் செலவழிக்கும் முன்பு சர்வே எண்ணை வைத்து எது உங்கள் பட்டாவில் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். ஜேசிபி வாடகை கொடுத்து அடுத்தவர் நிலத்தைத் திருத்திய கதை நிறைய உண்டு.

இனி மண்ணுக்கு வருவோம். “ஆறு வருடம் ஓய்வெடுத்த நிலம், சும்மா விதைத்தாலே கொட்டும்” என்று யாராவது சொல்வார்கள். அதில் பாதிதான் உண்மை. நிலத்தை வேண்டுமென்றே ஓய்வுக்கு விடுவது என்றால், அந்த ஓய்வுக் காலத்திலும் வேலை உண்டு. கோடை உழவு ஓட்டுவார்கள், ஆட்டுக்கிடை கட்டுவார்கள், கொழுஞ்சியோ சணப்பையோ விதைத்துப் பூக்கும்போது மடக்கி உழுவார்கள். உங்களுடையது அப்படி இல்லை. ஆறு வருடத்தில் முளைத்ததெல்லாம் மண்ணிலேயே மக்கியிருந்தால் கொஞ்சம் பலம் ஏறியிருக்கும். ஆனால் கோடையில் யாராவது காய்ந்த புல்லுக்கு நெருப்பு வைத்திருந்தால், மேலே விழுந்ததெல்லாம் புகையாகப் போயிருக்கும். அடுத்து வரும் முதல் மழையில் சாம்பலோடு மேல்மண்ணும் சேர்ந்து ஓடியிருக்கும். நம் செம்மண் ஆழமும் குறைவு, மேலே ஏடு கட்டி இறுகும் குணமும் உள்ளது. தெற்கே கரிசலில் ஒரு பருவத்து ஈரத்தை அடுத்த பருவத்துக்குப் பிடித்து வைக்கலாம், இங்கே அது நடக்காது. ஆகவே ஈரம் சேர்க்கத் தரிசு விடுகிறேன் என்ற வாதம் குடியாத்தத்தில் செல்லாது.

உங்கள் நிலம் எந்த நிலையில் இருக்கிறது என்று நீங்களே பார்த்துவிடலாம். நல்ல மழை ஒன்று பெய்த மறுநாள் போங்கள். மூன்று இடத்தில், மேட்டில் ஒன்று, நடுவில் ஒன்று, தாழ்வில் ஒன்று என்று ஒரு அடி ஆழம் வெட்டுங்கள். ஈரம் எத்தனை அங்குலம் இறங்கியிருக்கிறது என்று பாருங்கள். மற்ற இடத்தில் அரை அடி இறங்கியிருக்க, ஒரு இடத்தில் இரண்டு அங்குலத்தில் நின்றுவிட்டால் அங்கே மேல்மண் இறுகிவிட்டது, தண்ணீர் ஓடிவிடுகிறது. ஆறு ஏழு அங்குலத்தில் கடப்பாரை ‘டங்’ என்று நின்றால் பழைய உழவின் அடியில் கட்டியான படுகை இருக்கிறது என்று அர்த்தம். புல் வேர்கள் அந்த இடத்தில் பக்கவாட்டில் மடங்கி ஓடியிருப்பதும் கண்ணுக்குத் தெரியும். அதே பயணத்தில் பத்துப் பன்னிரண்டு இடத்தில் அரை அடி ஆழத்துக்கு மண் எடுத்துக் கலந்து, அரை கிலோ மட்டும் பிரித்து மண் பரிசோதனைக்குக் கொடுங்கள். விரிஞ்சிபுரத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, உங்கள் ஊரிலிருந்து தொலைவில்லை. எங்கே கொடுப்பது என்று அங்கே கேட்கலாம்.

அடுத்தது முள். சீமைக்கருவேலை அரிவாளால் வெட்டினால் ஒன்றுக்கு ஐந்தாகத் தழைக்கும். தண்டும் வேரும் சேரும் கழுத்துப் பகுதியில்தான் அதன் மொட்டுகள் இருக்கின்றன. ஒரு அடி ஆழம்வரை அந்தக் கட்டையைப் பெயர்த்து எடுத்தால்தான் சாகும். அதற்கு ஜேசிபி தேவை. ஆனால் ஓட்டுகிறவரிடம் முன்பே சொல்லுங்கள்: கட்டையை மட்டும் பிடுங்க வேண்டும், நிலத்தைச் சுரண்டிச் சமப்படுத்தக் கூடாது. “சார், அப்படியே லெவல் பண்ணிடறேன்” என்பார், கேட்க நன்றாக இருக்கும். நம் மேல்மண் முக்கால் அடிதான் இருக்கும். அதை வழித்துத் தாழ்வுப் பக்கம் தள்ளிவிட்டால் மேட்டில் சரளைதான் மிஞ்சும், அங்கே பல வருடம் பயிர் ஏறாது. இதை நீங்கள் நேரில் நின்று பார்க்கும் நாளில் மட்டும் செய்யுங்கள்.

உழவைச் சித்திரை வைகாசியில் வரும் கோடை மழைக்குப் பின் வையுங்கள். அடிப்படுகை இருந்தால் ஒருமுறை உளிக்கலப்பை, பிறகு ஒன்பது கொழுக் கலப்பை, சரிவுக்குக் குறுக்கே. ரோட்டாவேட்டர் வேண்டாம் என்பது என் கருத்து. அருகும் கோரையும் உள்ள நிலத்தில் அது வேரையும் கிழங்கையும் நறுக்கி நிலம் முழுக்க நட்டுவிடும். கலப்பை அவற்றை மேலே புரட்டிப் போடும், கத்திரி வெயில் காய்த்துக் கொல்லும். இந்தக் கோடை உழவுக்கு இன்னொரு காரணமும் உண்டு. மல்லாட்டையைத் தின்று தீர்க்கும் சிவப்புக் கம்பளிப்புழு மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகக் கிடந்து மழைக்குக் காத்திருக்கும். வரப்போரமும் மர நிழலும் அதற்குப் பிடித்த இடம். உழும்போது அவை வெளியே வந்து வெயிலுக்கும் கொக்குக்கும் மைனாவுக்கும் போய்ச்சேரும். உழாமல் கிடந்த ஆறு வருடமும் அதற்குத் தொந்தரவே இல்லை என்பதை யோசித்துப் பாருங்கள்.

முதல் வருடமே மல்லாட்டை போடாதீர்கள். விதைச் செலவு அதிகம், களை இன்னும் அடங்கியிருக்காது. உழுது போட்டு, ஆடி ஆவணி மழைக்கு முளைக்கும் களையை இன்னொரு உழவில் மடக்கிவிட்டு, புரட்டாசி ஐப்பசியில் ஏக்கருக்கு எட்டு கிலோ கொள்ளு விதையுங்கள். கொள்ளு அதிகம் கேட்காது. கொடி படர்ந்து தரையை மூடிவிடும், களையை அமுக்கும், மழைத் துளி நேராக மண்ணில் அடிப்பதைத் தடுக்கும். தை மாசியில் கிடைப்பது உங்களுக்கு லாபம். மாதம் இரண்டு முறை மட்டும் வருகிறவருக்கு இது தோதான பயிர். கொள்ளுக்கொடி தரையை மூடுவதைப் பார்த்தாலே மூடாக்கு என்பது என்ன என்று பாதி புரிந்துவிடும்.

மூடாக்கு என்றால் மண்ணை எதையாவது கொண்டு போர்த்துவது. வெயில் நேராக மண்ணைத் தொடாமல் பார்த்துக்கொண்டால் ஈரம் மெதுவாகப் போகும், களை முளைக்க வெளிச்சம் கிடைக்காது, மண் இறுகாது. கரும்புச்சோகை, தென்னை ஓலை, காய்ந்த சருகு எல்லாம் காய்ந்த மூடாக்கு. கொள்ளு, காராமணி போல உயிரோடு படர்ந்து மூடுவது உயிர் மூடாக்கு. தக்காளிப் பாத்தியில் கறுப்பாகவோ வெள்ளி நிறத்திலோ விரித்திருக்கும் பிளாஸ்டிக் தாளும் மூடாக்குதான், ஆனால் அது கீழே சொட்டுநீர்க் குழாய் ஓடும் தோட்டத்துக்கு. மானாவாரிக் கொல்லையில் அதை விரித்தால் பெய்கிற மழையே உள்ளே இறங்காது.

காணொளியில் காட்டுவது பெரும்பாலும் கால் ஏக்கர், அரை ஏக்கர் தோட்டம். உங்கள் இரண்டு ஏக்கரையும் மூட முடியுமா என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மூடாக்கு வேலை செய்ய மூன்று அங்குலக் கனமாவது வேண்டும். ஒரு ஏக்கருக்கு அந்தக் கனத்தில் சோகை பரப்பினால் பத்து டன்னுக்கு மேல் போகும். ஒரு ஏக்கர் கரும்பு வெட்டினால் கிடைக்கும் சோகை மூன்று நான்கு டன்தான். அதாவது உங்கள் ஒரு ஏக்கரைப் போர்த்த மூன்று ஏக்கருக்கும் மேலான கரும்புச் சோகையை வண்டி வைத்துக் கொண்டுவர வேண்டும். வைக்கோல் கேட்டால் தரமாட்டார்கள், மாட்டுத் தீனி. மல்லாட்டைக் கொடியும் அப்படித்தான். ஊரில் யாருக்கும் வேண்டாமல் எரிப்பது சோகை ஒன்றுதான், அதைக் கேட்டு வாங்கலாம். அதனால் மூடாக்கு மரத்தடிக்கு. கிணற்றோரத்தில் பத்து மாங்கன்று நடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றின் அடியிலும் மூன்று அடி வட்டத்தில் மூன்று அங்குலம் போட கன்றுக்கு ஒரு தலைச்சுமை சோகை போதும். பத்துக் கன்றுக்குப் பத்துச் சுமை, ஒரு டிராக்டர் டிப்பரில் வந்துவிடும்.

எப்போது போடுகிறோம் என்பதும் முக்கியம். காய்ந்த மண்மேல் மூடாக்குப் போட்டால், அதன்பின் வரும் சிறு தூறலைச் சோகையே குடித்துவிடும், கீழே மண் காய்ந்தே கிடக்கும். ஐப்பசி கார்த்திகை மழையில் மண் நன்றாக நனைந்த பிறகு, மார்கழியில் போடுங்கள். இரண்டு வாரம் கழித்து வரும்போது சோகையைக் கையால் ஒதுக்கி விரலை மண்ணில் விடுங்கள். உள்ளே குளிர்ச்சியும் ஈரமும் இருந்தால் வேலை செய்கிறது. வெளியே உள்ள மண்ணைப் போலவே புழுதியாக இருந்தால் மெலிதாகப் போட்டிருக்கிறீர்கள், அல்லது காய்ந்த மண்மேல் போட்டிருக்கிறீர்கள்.

நான் செய்த தவறைச் சொல்கிறேன், நீங்கள் அதைச் செய்யக் கூடாது என்பதற்காக. பன்னிரண்டு மாங்கன்று நட்டு, அக்கறையாகச் சோகையைத் தண்டோடு ஒட்டி அணைத்துப் போட்டுவிட்டு ஊருக்குப் போனேன். இரண்டு மாதம் கழித்து மாசியில் வந்தால் தண்டில் மண்ணால் பூசிய கோடுகள் ஏறியிருந்தன. அதைத் தட்டிப் பார்த்தால் உள்ளே பட்டையே இல்லை. கறையான். ஐந்து கன்று போய்விட்டது. செம்மண் பூமியில் காய்ந்த பொருளை எங்கே குவித்தாலும் கறையான் வரும், அதைத் தடுக்க முடியாது. தண்டைச் சுற்றி அரை அடி வெற்று மண்ணாக விட்டுவிட்டால் அது சோகையைத் தின்றுவிட்டுப் போகும், கன்றைத் தொடுவது குறைவு. இப்போது நான் அப்படித்தான் விடுகிறேன், வரும்போதெல்லாம் மண் கோடு இருக்கிறதா என்று பார்த்து இடித்துவிடுகிறேன். இன்னொன்று, மூடாக்கைக் கையால் தூக்கும் முன் ஒரு குச்சியால் தட்டுங்கள். அதன் அடியில் எலி வரும், எலியைத் தேடி விரியன் வரும். பங்குனி சித்திரையில் பீடித்துண்டு ஒன்று விழுந்தாலும் பற்றிக்கொள்ளும், அதனால் வழிப்போக்கு இருக்கும் பக்கம் போட வேண்டாம்.

மல்லாட்டைக்கு ஏன் மூடாக்கு இல்லை என்று கேட்பீர்கள். அந்தச் செடி பூத்தபின் பூவிலிருந்து ஊசி போல ஒன்று கீழே இறங்கி மண்ணுக்குள் போய்த்தான் காயாகும். மண் பொலபொலவென்று இருக்க வேண்டும், வழியில் சோகை கிடந்தால் ஊசி மண்ணைத் தொடாமலே காய்ந்துவிடும். அதனால் மல்லாட்டைக் கொல்லையில் இருபது நாளில் களைவெட்டுச் செய்யும்போது மேல்மண்ணைக் கிளறிவிடும் அந்தப் புழுதியே மூடாக்கு. வெட்டிய களையைச் சாலிலேயே காயப்போட்டால் போதும்.

இப்போது பக்கத்துக் கொல்லைக்காரர் சொன்னது. மூன்றிலும் உங்களுக்கு நேரடியாகப் பயன்படப் போவது அதுதான். ஊடுபயிர் என்றால் ஒரு பயிரின் சால்களுக்கு நடுவே, கணக்கு வைத்து, வேறொரு பயிரைத் தனிச் சாலில் போடுவது. விதைகளைக் கலந்து வீசி விதைத்தால் அது கலப்புப் பயிர். வரப்பு ஓரத்தில் ஆமணக்கு ஊன்றினால் அது வரப்புப் பயிர். இந்த வேறுபாடு வீண் விவகாரம் இல்லை. தனிச் சாலாக இருந்தால்தான் களைவெட்ட முடியும், மல்லாட்டையைப் பிடுங்கும்போது துவரையைத் தொடாமல் விட முடியும்.

மல்லாட்டையும் துவரையும் வடாற்காட்டில் ஏன் ஜோடியாயின என்பதற்கு மழைதான் காரணம். நமக்குத் தென்மேற்கிலும் மழை உண்டு, வடகிழக்கிலும் உண்டு. மல்லாட்டைக்கு நூற்றைந்து நூற்றுப்பத்து நாள். ஆனிக் கடைசி, ஆடி முதலில் விதைத்தால் முதல் மழையைத் தின்றுவிட்டு ஐப்பசியில் முடிந்துவிடும். துவரை முதல் இரண்டு மாதம் வளர்வதே தெரியாது, மல்லாட்டைக்கு நிழலும் கட்டாது. மல்லாட்டை பிடுங்கிய பிறகுதான் அதற்கு இடம் கிடைக்கும், அப்போது வடகிழக்கு மழை வரும். அதன் வேரும் மல்லாட்டை வேருக்குக் கீழே போய் ஈரம் தேடும். கார்த்திகையில் பூத்துத் தையில் காய் முற்றும். ஒரே நிலம், ஒரே உழவு, இரண்டு மழைக்கும் வேலை.

இதிலேயே ஒரு பொறி இருக்கிறது. இது நூற்று எழுபது, நூற்று எண்பது நாள் துவரைக்கு மட்டும்தான் பொருந்தும், கோ 8 போன்றவை. கடையில் நூற்றிருபது நாள் துவரையும் விற்பார்கள், விலையும் பையும் ஒன்றுபோலவே இருக்கும். அதை வாங்கிப் போட்டால் மல்லாட்டை காய் பிடிக்கும் அதே வாரங்களில் அதுவும் பூத்து, இரண்டும் ஒரே ஈரத்துக்குச் சண்டை போடும். விதை வாங்கும்போது ரகப் பெயரைவிட வயது எத்தனை நாள் என்றுதான் முதலில் கேளுங்கள்.

இரண்டாம் வருடம் ஒரு ஏக்கரில் மட்டும் இதைச் செய்யுங்கள். கணக்கு இப்படி வரும். ஒரு ஏக்கரைச் சதுரமாக எடுத்தால் பக்கத்துக்கு 208 அடி. சாலுக்குச் சால் ஒரு அடி என்றால் 208 சால். ஆறு சால் மல்லாட்டை, ஏழாவது சால் துவரை என்று போனால் துவரைக்கு இருபத்தொன்பது சால் கிடைக்கும், மல்லாட்டைக்கு நூற்று எழுபத்தொன்பது. துவரையை அடிக்கு ஒரு குழியாக, குழிக்கு இரண்டு விதை ஊன்றினால் ஆறாயிரம் குழிக்குக் கொஞ்சம் மேலே வரும், அதற்கு ஒன்றேகால் கிலோ விதை. இரண்டு கிலோ வாங்கிவையுங்கள், முளைக்காத இடத்தில் மறுபடி ஊன்றலாம். மல்லாட்டைக்கு நான்கு அங்குலத்துக்கு ஒரு பருப்பு, ஏக்கருக்கு நாற்பத்தைந்து கிலோ விதைப்பருப்பு. சால் எல்லாம் சரிவுக்குக் குறுக்கே போகட்டும்.

இதில் ஆள்களுக்கு எப்போதும் ஆசை வரும், நான்கு சாலுக்கு ஒன்று போட்டால் துவரை இன்னும் கிடைக்குமே என்று. மழை குறைந்த வருடத்தில் அது மல்லாட்டையைக் கெடுத்துவிடும். துவரைக்கு அடுத்த சாலில் மல்லாட்டைச் செடி நெடுநெடுவென்று உயர்ந்து, காய் குறைந்து இருந்தால் நிழல் கட்டிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். ஏழில் ஒன்று என்பது அந்த நிழல் பெரிதாகத் தாக்காத கணக்கு. துவரைச் சாலின் முனைகளிலும் வரப்போரத்திலும் காராமணியும் ஆமணக்கும் கொஞ்சம் ஊன்றிவையுங்கள். கம்பளிப்புழு முதலில் அவற்றில்தான் ஏறும், முட்டைக் குவியலும் குஞ்சுப் புழுவும் அந்த இலைகளில் தெரியும், இலையோடு கிள்ளி அழித்துவிடலாம். ஆடி மழைக்குப் பின் வரும் முதல் இரண்டு வாரம் ஊரில் ஒருவரைத் தினமும் பார்க்கச் சொல்லுங்கள். புழு பெரிதாகிக் கொல்லை கொல்லையாக நடக்க ஆரம்பித்தபின் ஒன்றும் செய்ய முடியாது.

களைவெட்டு இருபதாம் நாள் ஒன்று, நாற்பதாம் நாள் ஒன்று. இரண்டாவதோடு ஏக்கருக்கு நூற்று அறுபது கிலோ ஜிப்சம் போட்டு மண் அணைக்க வேண்டும், காய் நன்றாகப் பிடிக்க இது தேவை. நாற்பத்தைந்து நாளுக்குப் பிறகு மண்ணைத் தொடாதீர்கள், இறங்கும் ஊசி அறுந்துவிடும். நீங்கள் ஊருக்கு வரும் நாளை இந்த இரண்டு தேதிக்கும் பொருத்திக்கொள்ளுங்கள்.

ஊடுபயிரைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்லாத சிக்கல் ஒன்று உண்டு. மல்லாட்டை பிடுங்கியதும் ஊருக்கு அது மேய்ச்சல் காலம். சுற்றிலும் கொல்லைகள் காலி, ஆடு மாடுகளை அவிழ்த்துவிடுவார்கள். நடுவில் உங்கள் துவரை மட்டும் பச்சையாக நிற்கும். முதல் வருடம் எனக்கு அதுதான் நடந்தது. ஐப்பசியில் மல்லாட்டை எடுத்துவிட்டு நிம்மதியாகப் போனேன். கார்த்திகைத் தீபத்துக்கு வந்து பார்த்தபோது துவரைச் சாலில் முட்டி உயரத்துக்குக் குச்சிகள்தான் நின்றன. யார் ஆடு என்று கேட்கவில்லை, கேட்டுப் பயனும் இல்லை. அடுத்த வருடம் பக்கத்துக் கொல்லைக்காரர்கள் இரண்டு பேரிடம் ஆனியிலேயே பேசி, அவர்களும் துவரை விட்டார்கள். மூன்று கொல்லைக்கும் சேர்த்து ஒரு பெரியவரைக் காவலுக்கு வைத்தோம், கூலியாகத் துவரையே கொடுத்தோம். அதிலிருந்து வீட்டுக்குப் பருப்பு வருகிறது. உங்களுக்கு யோசனை சொன்ன அந்தப் பக்கத்துக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது, அவர் இந்த வருடம் துவரை விடுகிறாரா என்பதுதான்.

விளைச்சலில் பங்கு என்று நிலத்தை வாரத்துக்கு விடுவதாக இருந்தால் இதையும் அப்போதே பேசிவிடுங்கள். மல்லாட்டையோடு நிலத்தைத் திருப்பித் தருவதாக இருந்தால் வாரதாரருக்குத் துவரைமேல் அக்கறை இருக்காது. அறுவடைக்குக் கூட்டிவரும் ஆட்கள் மல்லாட்டையோடு துவரையையும் பிடுங்கிப் போட்டுவிடுவார்கள். தை வரை நிலம் அவரிடம், துவரையில் பங்கு இவ்வளவு என்று விதைக்கும் முன்பே பேசிக்கொண்டால் அவரே காத்துக்கொள்வார்.

தையில் துவரையை அறுக்கும்போது கவனியுங்கள். சாலின் அடியில் உதிர்ந்த இலை மெத்தை போலக் கிடக்கும். அதைக் கூட்டி எரிக்க வேண்டாம் என்று ஆட்களிடம் சொல்லிவையுங்கள், சித்திரை உழவில் மண்ணோடு கலக்கட்டும். கிராமத்துப் பயிர்க் கணக்கான அடங்கலில் இரண்டு பயிரும் பதிவாகியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். பசலி ஆண்டு ஜூலை முதல் ஜூன் வரை என்பதால் ஆடியில் விதைத்த மல்லாட்டையும் தையில் அறுத்த துவரையும் ஒரே பசலியில்தான் வரும். கிராம நிர்வாக அலுவலரிடம் நேரில் சொல்லி இரண்டையும் எழுதச் சொல்லுங்கள். ஆறு வருடமாகத் தரிசு என்று எழுதியிருக்கும் கட்டத்தில், அந்த ஒரு ஏக்கருக்காவது மல்லாட்டை, துவரை என்று இருக்கட்டும்.